நெட் போனது பில்லாலா, பழுதாலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திடீரென்று நெட் நின்றுவிட்டது. பில் பாக்கிக்காக நிறுத்திவிட்டார்களா, லைன் பழுதா? எதை முதலில் பார்ப்பது?

ஃபைபர் இணைப்பாக இருந்தால், ஃபைபர் வயர் வந்து சேரும் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். கைப்பேசியையும் வைஃபையையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

LOS என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ, பெட்டிக்கு ஒளியே வந்து சேரவில்லை. வயர் எங்கோ அறுந்திருக்கும், மடங்கியிருக்கும், அல்லது இணைப்பு முனை கழன்றிருக்கும். பில்லுக்கும் இதற்கும் பெரும்பாலும் சம்பந்தம் இல்லை. LOS அணைந்து, PON விளக்கு நிலையாகப் பச்சையில் எரிந்தால், பெட்டி வரைக்கும் லைன் நன்றாக இருக்கிறது. அப்போதுதான் பில் பக்கம் சந்தேகம் திரும்ப வேண்டும். சில தயாரிப்புகளில் எழுத்தும் நிறமும் கொஞ்சம் மாறும். ஆனால் ஒளி வருகிறதா என்பதற்கு ஒரு விளக்கும், நிறுவனத்தின் கருவியோடு பதிவாகிவிட்டதா என்பதற்கு ஒரு விளக்கும் எதிலும் இருக்கும்.

காசு கட்டவில்லை என்றால் லைனையே அணைத்துவிட மாட்டார்களா?

ஒரு வீட்டுக்கு மட்டும் அப்படி அணைக்க முடியாது. வீட்டு ஃபைபரில் நிறுவனத்தின் கருவியிலிருந்து கிளம்பும் ஒரே ஒளி, வழியில் ஒரு பிரிப்பானில் 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிந்து அத்தனை வீடுகளுக்கும் போகிறது. உங்கள் ஒருவருக்காக அந்த ஒளியை நிறுத்தினால் மற்ற வீடுகளும் இருண்டுவிடும். அதனால் பில் நிறுத்தம் எப்போதும் மென்பொருளில்தான் நடக்கிறது. உங்கள் ரௌட்டர் லாகின் செய்யும்போது மறுத்துவிடுவார்கள். இல்லையென்றால், உள்ளே விட்டு, "பணம் கட்டுங்கள்" என்ற பக்கத்தைத் தவிர வேறு எங்கும் போகவிடாமல் அடைத்து வைப்பார்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பல மாதம் பாக்கி நின்று இணைப்பை முழுதாக ரத்து செய்த பிறகு, பிரிப்பானில் உங்கள் இடத்தைப் புதிய வாடிக்கையாளருக்குக் கொடுக்க ஆள் வந்து வயரைக் கழற்றலாம். அப்போது LOS சிவப்பாகத்தான் எரியும். ஆனால் அந்த நிலைக்கு வந்தவருக்கு அதற்கு முன்பே நெட் நின்று பல நாள் ஆகியிருக்கும், அதனால் குழப்பத்துக்கு இடமில்லை.

LOS அணைந்துதான் இருக்கிறது, ஆனால் PON மினுக்கிக்கொண்டே இருக்கிறதே?

இது நடுவில் நிற்கும் நிலை. ஒளி வருகிறது, ஆனால் பெட்டி நிறுவனத்தின் கருவியில் பதிவாக முடியவில்லை. பெட்டியை மாற்றிய பிறகு புதிய பெட்டியின் எண்ணை நிறுவனம் பதிவு செய்யாமல் விட்டால் இப்படி வரும். ஒளி மிகப் பலவீனமாக வந்தாலும் வரும். அரிதாக, நிறுவனமே உங்கள் பெட்டியை அங்கிருந்து முடக்கி வைத்தாலும் வரும்.

பெட்டியின் நிர்வாகப் பக்கத்தை உலாவியில் திறந்தால் Rx Power என்று ஒரு எண் இருக்கும். அது −15 முதல் −25 dBm வரைக்குள் இருந்தால் நிம்மதி. −27-ஐத் தாண்டி −28, −30 என்று போனால் ஒளி பலவீனம், அதாவது பழுது. எண் நன்றாக இருந்தும் PON மினுக்கினால், "என் பெட்டி உங்கள் பக்கம் பதிவாகியிருக்கிறதா, முடக்கப்பட்டிருக்கிறதா?" என்று நேராகக் கேளுங்கள்.

விளக்கெல்லாம் சரியாக எரிகிறது. ஆனாலும் நெட் இல்லை. இனி எங்கே பார்ப்பது?

ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்தில் WAN அல்லது Internet என்ற பகுதியைத் திறங்கள். நெட் இல்லாவிட்டாலும் இந்தப் பக்கம் திறக்கும், ஏனென்றால் அது உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் எழுதியிருக்கும்.

PPPoE என்ற முறையில் லாகின் செய்யும் இணைப்பு என்றால், இங்கே வரும் செய்திதான் விஷயத்தை உடைக்கிறது. "Authentication failed" என்றோ அதற்கு நெருக்கமாகவோ வந்தால், உங்கள் ரௌட்டர் கேட்டிருக்கிறது, நிறுவனத்தின் சர்வர் அதைக் கேட்டுவிட்டு "முடியாது" என்று பதிலும் சொல்லியிருக்கிறது. பதில் வந்துவிட்டது என்பதே பெரிய தகவல். உங்கள் வீட்டுக்கும் சர்வருக்கும் நடுவில் உள்ள பாதை முழுவதும் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆகவே பிரச்சினை கணக்கில், அல்லது லாகின் விவரத்தில்.

பதிலே வராமல் "No response", "Timeout" என்று நின்றால் கதை வேறு. அதுவே சில ரௌட்டர்களின் பதிவேட்டில் "Timeout waiting for PADO packets" என்று வரும். கதவைத் தட்டினோம், உள்ளே யாரும் இல்லை. அது பழுது, பெரும்பாலும் நிறுவனத்தின் பக்கத்துப் பழுது. கணினியை நேரடியாக மோடத்தில் இணைத்து லாகின் செய்பவர்களுக்கு விண்டோஸ் இதையே எண்ணாகச் சொல்லும். 691 என்றால் லாகின் மறுப்பு. 651 என்றால் மோடம் பக்கமோ இணைப்பிலோ கோளாறு.

PPPoE இல்லாமல் தானாக ஐபி முகவரி வாங்கும் இணைப்பில் இவ்வளவு தெளிவு கிடைக்காது. அங்கே ஐபி முகவரி வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வந்தும் நெட் இல்லை என்றால் அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

ஐபி முகவரி வந்துவிட்டது, "Connected" என்றும் காட்டுகிறது. ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை. இது எந்த வகை?

இங்கே உங்கள் கைப்பேசியே பதில் சொல்லும். வைஃபையில் சேர்ந்ததும் ஆண்ட்ராய்டு கைப்பேசி தானாகவே ஒரு முகவரிக்குப் போய், வெறும் 204 என்ற பதில் வருகிறதா என்று பார்க்கிறது. வந்தால் நெட் இருக்கிறது. அதற்குப் பதிலாக வேறு பக்கத்துக்குத் திருப்பிவிட்டால், யாரோ நடுவில் நின்று வழிமறிக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு "Sign in to network" என்று அறிவிப்பு காட்டும். பதிலே வராவிட்டால் "Connected, no internet" என்று காட்டும்.

பொது இடத்து வைஃபையில் "Sign in" வருவது சகஜம். வீட்டு வைஃபையில் அது வந்தால், நிறுவனம் உங்களை அடைத்து வைத்திருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. அதைத் தொட்டாலே பெரும்பாலும் பாக்கித் தொகையோடு பக்கம் திறக்கும். "no internet" மட்டும் வந்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், ஏனென்றால் சில நிறுவனங்கள் பக்கம் எதுவும் காட்டாமல் சும்மா அடைத்துவிடுகின்றன.

கணினியில் உறுதிசெய்ய வேண்டுமென்றால், கைப்பேசியின் மொபைல் டேட்டாவோடு அல்லாமல் வீட்டு இணைப்பில் இருந்துகொண்டு, விண்டோஸில் Command Prompt-இலும் மேக்கில் Terminal-இலும் இவற்றை ஓட்டுங்கள்:

```
nslookup example.com
nslookup wikipedia.org
curl -I http://example.com
```

முதலில் வரும் Server முகவரி இரண்டிலும் ஒன்றாகத்தான் இருக்கும், அதை விட்டுவிடுங்கள். அதற்குக் கீழே, சம்பந்தமே இல்லாத இரண்டு பெயர்களுக்கும் ஒரே ஐபி முகவரி வந்தால் அது அடைப்பு. மூன்றாவது கட்டளைக்கு 200 OK வந்தால் பெரும்பாலும் வழி திறந்திருக்கிறது. 302 வந்து, Location என்ற வரியில் நிறுவனத்தின் முகவரி இருந்தால் பில் பக்கத்துக்குத் திருப்புகிறார்கள். எல்லாமே காத்திருந்து தோற்றால், பழுதின் பக்கம் தராசு சாய்கிறது.

http என்று போட வேண்டும், https வேண்டாம். https இணைப்பை இடையில் யாரும் சத்தமில்லாமல் திருப்பிவிட முடியாது. முயன்றால் உலாவி சான்றிதழ் எச்சரிக்கை காட்டும், அல்லது வெறுமனே நின்றுவிடும். நிறுத்தப்பட்ட பலர் பில் பக்கத்தைப் பார்க்காமல் "தளம் பாதுகாப்பானது அல்ல" என்ற எச்சரிக்கையை மட்டும் பார்த்துவிட்டு, ரௌட்டரில் வைரஸ் புகுந்துவிட்டதாகப் பயப்படுவது இதனால்தான்.

நான் பில் கட்டிவிட்டேன். மின்சாரம் போய் வந்த பிறகுதான் நெட் நின்றது. அப்படியானால் மின்தடையால் வந்த பழுதுதானே?

அப்படித்தான் தோன்றும், ஆனால் அவசரப்பட வேண்டாம். லாகின் மறுப்பு என்பது லாகின் செய்யும் அந்தக் கணத்தில்தான் நடக்கிறது. நிறுவனத்தின் கணினி உங்கள் கணக்கை நிறுத்தி வைத்த நேரத்தில் இணைப்பு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், சில அமைப்புகளில் அது உடனே அறுபடாது. அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். ரௌட்டர் அணைந்து மீண்டும் லாகின் செய்யப் போகும்போதுதான் கதவு சாத்தியிருப்பது தெரியும். மின்தடை காரணமாகத் தெரிந்தாலும், உண்மையில் அது ஏற்கெனவே இருந்த நிறுத்தத்தை வெளியே காட்டியது மட்டுமே.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். செவ்வாய் இரவு மின்சாரம் போய் வந்தது. PON பச்சை, LOS இல்லை, வைஃபை சேர்கிறது, கைப்பேசியில் "no internet". பக்கத்து வீட்டில் அதே நிறுவனம், நெட் ஓடுகிறது. "மின்தடையில் ரௌட்டர் எரிந்துவிட்டது, புதிது வாங்க வேண்டும்" என்று முடிவுக்கே வந்துவிட்டார்கள். வங்கியில் தானாகப் பணம் போகும் ஏற்பாடு இருந்தது. அந்த மாதப் பணம் போனதற்கான குறுஞ்செய்தியும் கையில் இருந்தது.

நிர்வாகப் பக்கத்தில் "Authentication failed". ரௌட்டர் எரியவில்லை, லைனும் நன்றாக இருக்கிறது, சர்வர் பதில் சொல்கிறது. மிச்சம் இருப்பது கணக்கு. நிறுவனத்தின் செயலியைத் திறந்தால், பாக்கி நிற்கிறது. வங்கிச் சீட்டையும் செயலியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் கணக்கு எண் வேறு என்று தெரிந்தது. இரண்டு மாதம் முன்பு திட்டத்தை மாற்றியபோது நிறுவனம் புதுக் கணக்கு எண் கொடுத்திருக்கிறது. வங்கி விசுவாசமாகப் பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறது. கணக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தப்பட்டு, ஓடிக்கொண்டிருந்த இணைப்பு மட்டும் மின்தடை வரை தாக்குப்பிடித்திருக்கிறது.

பணம் போனதற்கான சான்றோடு, பழைய கணக்கில் சேர்ந்த தொகையைப் புதியதற்கு மாற்றச் சொன்னார்கள். மாற்றியதும் ரௌட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டபோது நெட் வந்துவிட்டது. "கட்டிவிட்டேன்" என்பதற்கும் "என் கணக்கில் வரவாகியிருக்கிறது" என்பதற்கும் இடையே இப்படி இடைவெளி இருக்கலாம். அதனால் செயலியில் பாக்கி எவ்வளவு என்றுதான் பாருங்கள். வங்கிக் குறுஞ்செய்தி போதாது.

செயலியிலும் பாக்கி இல்லை. ஆனால் "Authentication failed" போகவே இல்லை.

அப்படியானால் பில்லைச் சந்தேகிப்பதை விடுங்கள். இதே செய்தி வர வேறு வழிகளும் உண்டு.

முதலாவது, யாராவது ரௌட்டரின் பின்னால் உள்ள சின்ன ஓட்டையில் ஊசியால் குத்தியிருப்பார்கள். அது அணைத்துப் போடுவது அல்ல, எல்லா அமைப்பையும் அழிப்பது. லாகின் பெயரும் கடவுச்சொல்லும் போய்விடும். நெட் இல்லை என்றதும் இதைச் செய்யும் பழக்கம் பரவலாக இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். சாதாரண மறுப்பாக இருந்தது, இதற்குப் பிறகு உண்மையிலேயே தவறான லாகினாக மாறிவிடும்.

இரண்டாவது, பேய் இணைப்பு. மின்சாரம் திடீரென்று போகும்போது ரௌட்டர் விடைபெறாமல் அணைகிறது. சர்வர் அதை இன்னும் உள்ளே இருப்பதாகவே எண்ணிக்கொண்டிருக்கும். ஒரு கணக்குக்கு ஒரு இணைப்புதான் என்று வைத்திருக்கும் நிறுவனத்தில், புதிதாக வருபவரை மறுத்துவிடும். ரௌட்டரை அணைத்து பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுப் பிறகு போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். இல்லையென்றால் உதவி மையத்தில் பழைய இணைப்பை நீக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, ரௌட்டரை மாற்றியிருந்தால், பழைய ரௌட்டரின் அடையாள எண்ணோடு கணக்கைப் பூட்டியிருக்கலாம். அதை அவர்கள்தான் திறந்துவிட வேண்டும்.

பாக்கியை இப்போதுதான் கட்டினேன். செயலியில் "Active" என்று வந்துவிட்டது. நெட் மட்டும் வரவில்லை.

பில் கணக்கைப் பார்க்கும் கணினி ஒன்று, லாகினைப் பார்க்கும் சர்வர் வேறொன்று. முதலாவது மாறிய பிறகு இரண்டாவதற்குச் செய்தி போக வேண்டும். அது சில நிமிடத்தில் போகலாம், சில இடங்களில் மணிக்கணக்கும் ஆகலாம்.

செய்தி போன பிறகும் உங்கள் ரௌட்டர் பழைய அடைப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கலாம், ஏனென்றால் அது லாகின் செய்தபோது கிடைத்த அனுமதி அதுதான். ரௌட்டரை அணைத்து, ஓரிரு நிமிடம் கழித்துப் போட்டால் புதிதாக லாகின் ஆகும். அதற்குப் பிறகும் ஒரு கணினியில் மட்டும் பில் பக்கமே திறந்தால், உலாவி பழைய திருப்பலை நினைவில் வைத்திருக்கிறது. தனிப்பட்ட சாளரத்தில் திறந்து பாருங்கள், அல்லது கணினியையும் அணைத்துப் போடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு மறுத்தால், உதவி மையத்தில் "பில் அமைப்பில் ஆக்டிவ், லாகின் சர்வரிலும் ஆக்டிவ்தானா?" என்று கேளுங்கள். முதல் திரையை மட்டும் பார்த்து "எங்கள் பக்கம் எல்லாம் சரி" என்று சொல்பவர்களை அடுத்த திரைக்கு அனுப்பும் கேள்வி இது.

நெட் நிற்கவில்லை, ரொம்ப மெதுவாகிவிட்டது. இதுவும் பில் காரணமா?

ஆகலாம். மாத டேட்டா அளவு முடிந்தாலோ, பாக்கிக்கு முதல் எச்சரிக்கையாகவோ வேகத்தைக் குறைத்து வைப்பார்கள். அப்படிக் குறைத்த வேகம் மாறாமல் ஒரே எண்ணில் நிற்கும். காலையில் 2 Mbps என்றால் நள்ளிரவிலும் 2. பழுதால் வரும் மந்தம் இப்படி ஒழுங்காக இருக்காது. ஏறும், இறங்கும், இடையிடையே அறுபடும். 100 Mbps-க்கு மேற்பட்ட திட்டத்தில், கேபிளில் இணைத்துப் பார்த்தும் எவ்வளவு முயன்றாலும் 94-ஐச் சுற்றியே நின்றால் அது பில்லும் அல்ல, லைனும் அல்ல. உங்கள் கேபிளோ, ரௌட்டரின் துளையோ 100 அளவில் இணைந்திருக்கிறது. கேபிளை மாற்றுங்கள்.

எங்களுடையது பழைய தாமிர டெலிஃபோன் லைன். ஃபைபர் இல்லை.

உங்களுக்கு ஃபைபர்காரர்களைவிட எளிது. ரிசீவரை எடுத்துக் கேளுங்கள். டயல் டோன் இல்லை, மோடத்தில் DSL விளக்கும் மினுக்குகிறது என்றால் வயர் பழுது. டோன் வருகிறது, அழைப்பு உள்ளே வருகிறது, வெளியே போட்டால் மட்டும் பதிவுக் குரல் தடுக்கிறது என்றால் அது பாக்கி. டோனும் DSL விளக்கும் நன்றாக இருந்து நெட் மட்டும் இல்லை என்றால், மேலே சொன்ன லாகின் செய்தியைப் பார்க்கும் வேலைதான்.

"பில் பாக்கி, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும்" என்று குறுஞ்செய்தியில் லிங்க் வந்தது. கட்டலாமா?

அந்த லிங்க்கில் வேண்டாம். நிறுவனத்தின் செயலியை நீங்களே திறந்து பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு வைஃபையில் தானாகத் திறக்கும் பில் பக்கத்துக்கும் இதே விதி. தொகையை அங்கே பாருங்கள், பணத்தைச் செயலியில் கட்டுங்கள்.

உதவி மையத்துக்கு அழைத்தால் "ரௌட்டரை அணைத்துப் போடுங்கள்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். என்ன கேட்டால் பதில் வரும்?

நீங்கள் பார்த்ததை முதலில் சொல்லிவிடுங்கள். "PON நிலையாக எரிகிறது, Rx Power −21, லாகினில் Authentication failed" என்று தொடங்கினால், பாதிப் பட்டியலைத் தாண்டிவிடுவார்கள். அப்புறம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "கடைசி லாகின் முயற்சி எந்தக் காரணத்துக்காக மறுக்கப்பட்டது?" அவர்களுடைய பதிவேட்டில் பெரும்பாலும் அந்தக் காரணம் இருக்கும். கணக்கு நிறுத்தம், தவறான கடவுச்சொல், ஏற்கெனவே இணைப்பு உள்ளது என்று ஏதோ ஒன்று. "அப்படி ஒரு முயற்சியே எங்களுக்கு வரவில்லை" என்றால், உங்கள் ரௌட்டரின் கோரிக்கை அவர்களை எட்டவில்லை. அப்போது பழுதுப் புகாராகப் பதியச் சொல்லுங்கள்.

பாக்கியும் இருக்கிறது, LOS-உம் சிவப்பாக எரிகிறது. இரண்டும் ஒன்றாக வந்தால்?

வரும், அது ஒரு தொல்லைபிடித்த நிலை. நிறுத்தப்பட்ட கணக்குக்குப் பல நிறுவனங்களின் அமைப்பு பழுதுப் புகாரையே ஏற்காது. ஏற்றாலும் "பாக்கிக்காக நிறுத்தம்" என்ற காரணம் போட்டு மூடிவிடும், வயர் பார்க்க ஆள் வரமாட்டார். அதனால் சிவப்பு விளக்கைத் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொண்டு முதலில் பாக்கியைக் கட்டுங்கள், கணக்கு ஆக்டிவ் ஆன பிறகு பழுதுப் புகாரைப் பதியுங்கள். கட்டியும் நெட் வராததால் "இன்னும் நிறுத்தத்தை எடுக்கவில்லை" என்று புகார் சொன்னால் அது பில் பிரிவுக்குப் போய்விடும். அவர்கள் "ஆக்டிவ்தான்" என்று மூடுவார்கள். "LOS சிவப்பு, ஒளி வரவில்லை" என்ற வார்த்தைகளிலேயே பதியச் சொல்லுங்கள், அது வயர் பார்ப்பவர்களிடம் போய்ச் சேரும். நெட் இல்லாத நாட்களுக்குக் கட்டணம் கழிக்கக் கேட்பீர்களானால், நிறுத்தத்தில் இருந்த நாட்களைக் கழிக்க மாட்டார்கள். கணக்கு ஆக்டிவ் ஆன தேதியிலிருந்து வயர் சரியான தேதி வரைக்கும் கேளுங்கள்.